தட்டியும் திறக்காத பக்கம்

எக்ஸ்பீடியா என்ற அமெரிக்கப் பயண முன்பதிவு நிறுவனத்துக்கு ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. ஊரைத் தேர்ந்தெடுத்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, அட்டை விவரங்களையும் நிரப்பி, ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திய பிறகும் பல வாடிக்கையாளர்களின் முன்பதிவு நிறைவேறவில்லை. பணம் கட்டத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். துருவிப் பார்த்தபோது, பெயருக்கு அருகே இருந்த ‘கம்பெனி’ என்ற ஒரு கட்டம்தான் காரணம் என்று தெரிந்தது. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் சிலர் அதைத் தங்கள் வங்கியைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு வங்கியின் பெயரை எழுதினார்கள். வங்கியின் பெயரை எழுதிய கை, அடுத்து வந்த முகவரிக் கட்டத்தில் வங்கியின் முகவரியையே எழுதியது. அட்டைக்குரியவரின் வீட்டு முகவரியோடு அது பொருந்தாததால் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது.

அந்தக் கட்டத்தை நீக்கினார்கள். ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் கூடுதல் லாபம் கிடைத்தது என்று, அங்கே பகுப்பாய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜோ மெகிபோ 2010இல் சொன்னார்.

தோற்றுப்போன பரிவர்த்தனைகளை ஒன்றுசேர்த்து ஆராயத் தனிக் குழு இருந்ததால் எக்ஸ்பீடியாவுக்கு இது சாத்தியமாயிற்று. சிறிய நிறுவனங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைக் கண்ணால் பார்க்கும் கருவிகள் இப்போது அவர்கள் கைக்கும் எட்டியிருக்கின்றன. ஹாட்ஜார் போன்றவை சில ஆண்டுகளாகவே புழக்கத்தில் உள்ளன. 2020இல் மைக்ரோசாஃப்ட் ‘கிளாரிட்டி’ என்ற கருவியை இலவசமாகவே எல்லோருக்கும் திறந்துவிட்டது. இணையப் பக்கத்தில் ஒரு சிறு நிரல் துண்டைச் சேர்த்துவிட்டால், வருகிறவர்கள் எங்கே தட்டினார்கள், எதுவரை உருட்டினார்கள், எந்த இடத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் சேரத் தொடங்கிவிடும்.

சேர்கிறது, சரி. அதை வாசிப்பது எப்படி? பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

இந்தக் கருவிகள் இரண்டு விதமான சான்றுகளைத் தருகின்றன. முதலாவது ஹீட்மேப். நூற்றுக்கணக்கானோரின் தட்டல்களை ஒரே பக்கத்தின் மேல் குவித்து, அதிகம் தட்டிய இடத்தைச் சிவப்பாகவும் குறைவாகத் தட்டிய இடத்தை நீலமாகவும் காட்டும் படம் அது. இரண்டாவது செஷன் ரெக்கார்டிங், அதாவது ஒரு தனி ஆள் பக்கத்தில் நுழைந்தது முதல் வெளியேறியது வரை செய்தவற்றின் பதிவு. பார்க்க வீடியோ போலத் தெரிந்தாலும் அது வீடியோ அல்ல. பக்கம் எப்படி இருந்தது, பிறகு அதில் என்னென்ன மாறின, விரல் எந்த நொடியில் எங்கே பட்டது என்ற குறிப்புகளை மட்டும் கருவி சேமிக்கிறது. நாம் பார்க்கும்போது அந்தக் குறிப்புகளிலிருந்து பக்கத்தை மறுபடி கட்டி ஓட்டிக் காட்டுகிறது. கச்சேரியின் ஒலிப்பதிவுக்கும் அதன் ஸ்வரக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ஏ.சி. சர்வீஸ் செய்யும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் மேலே ஒரு படமும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அதன் கீழே மூன்று விலை அட்டைகள்: வாட்டர் சர்வீஸ் 599 ரூபாய் முதல், கேஸ் நிரப்புதல், புதிதாகப் பொருத்துதல். அதற்கும் கீழே அடர்நீலப் பட்டை ஒன்றில் நிறுவனத்தின் பெருமைகள். பிறகு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள். கடைசியில் முன்பதிவுப் படிவம். கோடை தொடங்கிவிட்டது, விளம்பரத்துக்குப் பணம் போகிறது, பக்கத்துக்கு 1,000 பேர் வந்தால் 12 பேர்தான் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களில் எத்தனை பேர் தேவையில்லாமல் போனார்கள், எத்தனை பேர் சிக்கிக்கொண்டு போனார்கள்? இதுதான் கேள்வி.

முதல் வேலை, கைபேசியில் வந்தவர்களையும் கணினியில் வந்தவர்களையும் பிரிப்பது. இரண்டிலும் பக்கத்தின் அமைப்பே வேறு. கணினியில் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று அட்டைகள் கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். வீட்டு ஏ.சி. ஓடவில்லை என்று தேடுகிறவர் பெரும்பாலும் கைபேசியில்தான் தேடுவார் என்பதால் அந்தப் படத்தை முதலில் திறப்பது நல்லது. கடை ஊழியர்கள் தினமும் பக்கத்தைத் திறந்து சரிபார்ப்பார்கள். அவர்களுடைய இணைய முகவரியையும் விலக்கிவிட வேண்டும். இல்லையென்றால் முதலாளி தன் பையன்களின் விரல்தடத்தையே வாடிக்கையாளரின் ஆர்வமாக எண்ணிவிடுவார்.

திறந்ததும் கண்ணைப் பறிப்பது சிவப்பு. வாட்டர் சர்வீஸ் அட்டையின் மேல் அது திட்டாகப் படிந்திருக்கிறது. ‘இந்தச் சலுகை மக்களுக்குப் பிடித்திருக்கிறது, இன்னும் பெரிதாகப் போடுவோம்’ என்று யாராவது சொல்லக்கூடும். அவசரப்படக் கூடாது. ஹீட்மேப்பின் நிறம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே செய்யப்படும் ஒப்பீடு. மற்ற இடங்களில் யாரும் தட்டாமல், ஓரிடத்தில் ஒன்பது பேர் தட்டியிருந்தாலும் அந்த இடம் சிவக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்த கையோடு எண்ணையும் பார்க்க வேண்டும். சில நூறு வருகைகளாவது சேர்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவரும் செவ்வாய்க்கிழமை வருகிறவரும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதால் குறைந்தது ஒரு முழு வாரமாவது அதில் அடங்கியிருக்க வேண்டும்.

எண்ணும் போதுமானதாக இருக்கிறது என்றே கொள்வோம். அப்போதும் அந்தச் சிவப்பில் ஒரு கோளாறு இருக்கிறது: அட்டை வெறும் படம், தட்டினால் எதுவும் நடக்காது. இப்படிப் பலனில்லாமல் போகும் தட்டலை ‘டெட் கிளிக்’ என்று கருவிகள் தனியாகக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. ஒரே இடத்தில் படபடவென்று திரும்பத் திரும்பத் தட்டுவதற்கு ‘ரேஜ் கிளிக்’ என்று பெயர். இவை இரண்டும்தான் பதிவுகளுக்குள் நுழையும் வாசல்.

ஏனென்றால் ஹீட்மேப் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆயிரம் பதிவுகளை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதும் வீண் வேலை. பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும். விநோதமாக நடந்துகொண்ட ஒரே ஒருவர் மட்டும் மனதில் நின்றுவிடுவார். அதனால் வடிகட்ட வேண்டும். ‘கைபேசியில் வந்தவர், டெட் கிளிக் செய்தவர், படிவத்தை அனுப்பாதவர்’ என்று வடிகட்டினால் கையில் அடங்கும் அளவுக்குப் பதிவுகள் மிஞ்சும். அவற்றில் இருபது, முப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அட்டையைத் தட்டினார் என்பது ஏற்கனவே தெரிந்ததுதான். தட்டிய பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் அந்த வரியில் எழுத வேண்டும்.

நம் நிறுவனத்தில் அது இரண்டு விதமாகப் பிரிகிறது. ஒரு சாரார் அட்டையைத் தட்டுகிறார்கள், ஒரு நொடி காத்திருக்கிறார்கள், மீண்டும் தட்டுகிறார்கள், கீழே கொஞ்சம் உருட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்கள் முன்பதிவு செய்யவே தட்டியவர்கள். அட்டை பொத்தானைப் போலத் தெரிந்தது, ஆனால் பொத்தானாக இல்லை. இன்னொரு சாரார் தட்டிவிட்டுக் கீழே போகிறார்கள், மேலே வருகிறார்கள், மறுபடி கீழே போய்க் கேள்விகள் பகுதியில் ‘கேஸ் செலவு இதில் அடங்குமா?’ என்ற வரியைத் திறக்கிறார்கள், படிக்கிறார்கள், திரும்ப விலைக்கே வருகிறார்கள். இவர்களை நிறுத்தியது ‘599 ரூபாய் முதல்’ என்பதில் உள்ள ‘முதல்’. கடைசியில் எவ்வளவு ஆகும் என்ற பயம் அது. வரைபடத்தில் இரண்டு சாராரும் ஒரே சிவப்புத் திட்டுதான். மருந்தோ வேறுவேறு. முதல் சாராருக்கு அட்டையைத் தட்டியதும் படிவம் திறக்க வேண்டும். இரண்டாம் சாராருக்கு, எது அடங்கும், எது அடங்காது, அடங்காதது எவ்வளவு என்பது விலைக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பொத்தானை மட்டும் சரிசெய்துவிட்டு விட்டால் பாதிப் பேர் முன்போலவே போய்விடுவார்கள்.

அடுத்து, எதுவரை உருட்டினார்கள் என்பதைக் காட்டும் வரைபடம். பக்கத்தின் எந்த உயரம்வரை எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள் என்பதை இது காட்டும். கீழே போகப் போக எண்ணிக்கை குறைவது இயல்பு. நீல்சன் நார்மன் குழு கண் அசைவுகளை அளந்து செய்த ஆய்வில், முதல் திரையில் மட்டும் பார்வை நேரத்தின் 80 சதவீதம் செலவாகிறது என்று 2010இல் தெரிந்தது. அதே குழுவின் 2018 ஆய்வில் அது 57 சதவீதமாகக் குறைந்திருந்தது. உருட்டும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. இருந்தாலும் மேலே இருப்பதற்கே பார்வை அதிகம்.

எனவே சீரான சரிவைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே இடத்தில் செங்குத்தாக விழுந்தால்தான் விசாரிக்க வேண்டும். நம் பக்கத்தில் அடர்நீலப் பட்டைக்கு மேல்வரை வந்தவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே போகவில்லை என்று வரைபடம் காட்டுகிறது. பதிவுகளைத் திறந்தால், பட்டை திரையை நிரப்பியதும் விரல் நிற்கிறது, பிறகு மேலே திரும்புகிறது. திரை முழுக்க விரியும் அடர்நிறப் பட்டை பொதுவாகப் பக்கத்தின் முடிவில்தான் வரும். பக்கம் முடிந்துவிட்டது என்றே அவர்கள் நினைத்துவிட்டார்கள். படிவம் அதற்குக் கீழே இருந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. பட்டையின் நிறத்தை மாற்றி, அடுத்த பகுதியின் தலைப்பு திரையின் அடியில் எட்டிப் பார்க்கும்படி உயரத்தைக் குறைத்தால் தீரக்கூடிய சிக்கல் இது.

இந்த இடத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மேலே உள்ள தொலைபேசி எண்ணைத் தட்டி அழைத்தவரின் பதிவு எப்படி முடியும்? பத்து நொடி, ஒரு தட்டல், அவ்வளவுதான். ஆள் தொலைபேசிச் செயலிக்குப் போய்விட்டார், பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. கருவியின் கண்ணுக்கு அது கைவிடப்பட்ட வருகை. உண்மையில் அவர்தான் மிக நல்ல வாடிக்கையாளர். வாட்ஸ்அப் பொத்தானுக்கும் இது பொருந்தும். சேவை விற்கும் பக்கத்தில் இந்தத் தட்டல்களையும் வெற்றி என்று கணக்கில் சேர்க்கும்படி கருவியில் முதலிலேயே குறித்துவைக்காவிட்டால், வெற்றிகளைத் தோல்வி என்று எண்ணி நன்றாக இருப்பதைக் கெடுத்துவிடும் ஆபத்து உண்டு.

இனிப் படிவம். படிவத்தைத் தொட்டுவிட்டு அனுப்பாமல் போனவர்களை வடிகட்டினால், பலர் கைபேசி எண் கட்டத்தில் நிற்கிறார்கள். எழுதுகிறார்கள், அனுப்பு பொத்தானைத் தட்டுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி மறுபடி தட்டுகிறார்கள். சிலர் எண்ணை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறார்கள். பதிவில் எண்கள் தெரியாது. தனியுரிமைக்காக அவை புள்ளிகளாக மறைக்கப்பட்டிருக்கும். அப்படி மறைந்திருப்பதே சரி. படிவத்தின் உச்சியில் ‘சரியான எண்ணைத் தரவும்’ என்ற சிவப்பு வரி தோன்றுவது பதிவில் தெரிகிறது. அப்படியானால் அவர் ஏன் அதைப் பார்க்கவில்லை?

பதிவு வீடியோ அல்ல என்பது இங்கேதான் உதவுகிறது. கைபேசியின் விசைப்பலகை பக்கத்தின் பகுதி அல்ல என்பதால் அது பதிவில் வராது. வாடிக்கையாளரின் கையில் திரையின் கீழ்ப்பாதியை விசைப்பலகை மூடியிருக்கிறது. மிச்சமிருக்கும் பாதியில் அவர் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிழைச் செய்தி மேலே, திரைக்கு வெளியே. கணினியின் முன் உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் தெரிவதால் வாடிக்கையாளர் கவனக்குறைவானவர் போலத் தோன்றும். இதே போல வேறொரு தளத்திலிருந்து பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட பணம் செலுத்தும் பெட்டியும் பொதுவாகப் பதிவில் வெற்றிடமாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சாதாரணக் கைபேசியை எடுத்து அதே வழியில் தானே போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போய்ப் பார்த்தால் எண் ஏன் மறுக்கப்படுகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. கட்டம் இப்படி எழுதப்பட்டிருக்கிறது:

```
<input type="text" name="mobile" maxlength="10">
```

பத்து எழுத்துக்கு மேல் ஏற்காதே என்பது கட்டளை. வீட்டில் உள்ளவரின் எண்ணைத் தொடர்புப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவருக்கு அது +91 என்ற முன்னொட்டோடும் இடைவெளியோடும் வரும். கட்டம் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி இலக்கங்களை வெட்டிவிடும். முன்னால் பூஜ்யம் போட்டு எழுதிப் பழகிய பெரியவர்களுக்கும் கடைசி இலக்கம் உள்ளே போகாது. எண் தவறு என்கிறது பக்கம். எண் சரியாகத்தானே இருக்கிறது என்கிறார் அவர். இருவரும் அவரவர் அளவில் சரி. திருத்தம் சின்னது: கட்டத்தை அகலமாக விட்டு, முன்னொட்டையும் இடைவெளியையும் நிறுவனத்தின் நிரலே நீக்கிக்கொள்ள வேண்டும், எண்பலகை தானே திறக்கும்படி செய்ய வேண்டும், பிழைச் செய்தியைக் கட்டத்துக்கு அருகிலேயே காட்ட வேண்டும்.

```
<input type="tel" name="mobile" autocomplete="tel">
```

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலித்தது என்று தெரியாது. படிவத்தை முதலில் சரிசெய்வதே புத்திசாலித்தனம். அங்கே நின்றவர்கள் முடிவெடுத்துவிட்டு வந்தவர்கள். அவர்களைத் தடுப்பது அந்தக் கட்டம் மட்டுமே. பிறகு விலை அட்டை, பிறகு நீலப் பட்டை.

பலித்ததா என்பதை அளப்பதிலும் கவனம் வேண்டும். ஏப்ரலில் மாற்றிவிட்டு மே மாத முன்பதிவுகள் கூடிவிட்டன என்று மகிழ்ந்தால், அது அக்னி நட்சத்திரத்தின் உதவியாகவும் இருக்கலாம். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். 1,000 பேருக்கு 12 என்பது 18 ஆனால்கூட, இவ்வளவு சிறிய எண்களில் அது தற்செயலாக நேரக்கூடிய வேறுபாடுதான். ஆகவே மாற்றம் நடந்த இடத்துக்கு அருகிலேயே அளப்பது மேல்: படிவத்தில் எழுதத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் அனுப்பி முடித்தார்கள்? அது 100இல் 40ஆக இருந்து 65ஆக உயர்ந்திருந்தால் நம்பலாம். அதே கட்டத்தில் ரேஜ் கிளிக்குகள் குறைந்திருந்தால் இன்னும் உறுதி. சிவப்புத் திட்டு இடம் மாறியதை மட்டும் வெற்றி என்று கொள்ளக் கூடாது.

இத்தனை பலன் தரும் இந்தக் கருவியால் தீங்கும் விளைந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகின் முன்னணி 50,000 தளங்களை ஆராய்ந்து, அவற்றில் 482 தளங்களில் இத்தகைய பதிவு நிரல்கள் இருப்பதைக் கண்டார்கள். மறைப்பு ஏற்பாடு சரியாக இல்லாத இடங்களில் கடவுச்சொல், அட்டை விவரம், நோய் விவரம் போன்றவைகூட மூன்றாம் நிறுவனங்களின் கணினிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, எழுதி அழித்தது உட்பட. வருகிறவர் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பித்தான் எழுதுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது நிறுவனத்தின் கடமை. தனிநபர் தரவைச் சம்மதமின்றித் திரட்டுவதைக் கட்டுப்படுத்த இந்தியாவிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

கிளாரிட்டி போன்ற கருவிகள் படிவக் கட்டங்களில் எழுதுவதைத் தாமாகவே மறைக்கின்றன. ஆனால் படிவத்தை அனுப்பிய பிறகு ‘நன்றி, உங்கள் முகவரி இது’ என்று பக்கம் அதே விவரத்தைத் திருப்பிக் காட்டினால், அது சாதாரண எழுத்தாகப் பதிவில் விழுந்துவிட வாய்ப்புண்டு. எனவே கருவியைப் பொருத்திய அன்றே ஒரு போலிப் பெயரும் போலி முகவரியும் கொடுத்துப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். பிறகு உங்கள் சொந்தப் பதிவைத் திறந்து கடைசிவரை ஓட்டுங்கள். அந்தப் பெயரோ முகவரியோ எங்காவது ஓரிடத்தில் வாசிக்கும்படி தெரிந்தால், பதிவை உடனே நிறுத்திவிட்டு அதை மறைத்த பிறகே மீண்டும் தொடங்குங்கள்.